ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுவண்ணாரப்பேட்டையில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றுதான்: "அண்ணா, வண்டி ஓடும்போதே நின்னு நின்னு போகுது." அதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. பிறகு நான் கேட்பேன், அவர்கள் யோசிப்பார்கள். பல நேரம் பதில் நினைவில் இருக்காது, ஏனென்றால் நின்ற அந்த நேரத்தில் அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

நின்னு நின்னு போகுதுன்னு சொன்னா போதாதா? மெக்கானிக்குத் தெரியாதா?

போதாது. இன்ஜின் ஓட பெட்ரோல், காற்று, பிளக்கில் நெருப்பு, சிலிண்டருக்குள் அழுத்தம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும். இதில் எது குறைந்தாலும் வண்டி நிற்கும். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் எது குறைகிறது என்பதைப் பொறுத்து நிற்கிற விதம் மாறும், மறுபடி ஸ்டார்ட் ஆகிற விதமும் மாறும். அந்த வித்தியாசத்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் மூன்று விஷயம் சொல்லுங்கள். எப்படி நின்றது, எந்த நிலைமையில் நின்றது, மறுபடி எப்படி உயிர் வந்தது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகம் உதவுவது அதுதான்.

எப்படி நின்னுச்சுன்னா... நின்னுடுச்சு. அதுல என்ன ரெண்டு விதம்?

இருக்கிறது. ஒன்று, சாவியை யாரோ அணைத்த மாதிரி பட்டென்று நிற்பது. முன்னறிவிப்பே இருக்காது, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே சத்தம் அறுந்துவிடும். இப்படி நின்றால் நான் முதலில் கரண்ட் பக்கம் பார்ப்பேன்: பிளக்குக்கு நெருப்பு தருகிற காயில், அந்த நெருப்பைச் சரியான நேரத்தில் விடுகிற சி.டி.ஐ. பெட்டி, வயர், சாவி சுவிட்ச்.

இன்னொன்று, திணறித் திணறி நிற்பது. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஏறாது, இழுத்து இழுத்துப் போகும், ரிசர்வுக்கு வந்த மாதிரி குலுங்கும், கடைசியில் அணையும். இது பெரும்பாலும் பெட்ரோல் வரத்துக் குறைவு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. "பட் பட்" என்று சைலன்சரில் வெடித்து மிஸ்ஸிங் ஆகிப் பிறகு நிற்பது. இது இரண்டு பக்கமும் போகும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டேன். ஆனால் வெடித்தது என்பதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

சூடானதும்தான் நிக்குது. கொஞ்ச நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆயிடுது. இதை எப்படிச் சொல்றது?

"கொஞ்ச நேரம்" என்பதை நிமிடமாக்குங்கள். காலையில் வண்டி எடுத்து எத்தனை நிமிடத்தில் நின்றது, நின்றபின் எத்தனை நிமிடம் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆனது, ஸ்டார்ட் ஆனபின் அடுத்த முறை எவ்வளவு சீக்கிரம் நின்றது. போனில் மணி பார்த்து ஒரு தடவை குறித்துக்கொண்டால் போதும். முதல் தடவை 25 நிமிடம் ஓடி, அடுத்த தடவை 8 நிமிடத்திலேயே நின்றால், முழுசாக ஆறாத ஏதோ ஒன்று மறுபடி சூடாகிறது என்று எனக்குப் புரியும்.

இதே புகாரைத் தருகிற வேறொரு கோளாறும் இருக்கிறது, சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்ன வழி இருக்கும். தூசியும் பாலிஷ் மெழுகும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்குவது நின்றுவிடும். வண்டி திணறி நிற்கும். பத்து நிமிடம் நின்றால் மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஓட்டுகிறவருக்கு இது சூடாகி நின்று ஆறிக் கிளம்பிய மாதிரியே இருக்கும்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. நின்ற உடனே காத்திருக்காமல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் யாரும் பிடிக்கக் கூடாது. "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் வந்து, இரண்டொரு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டால் அது மூடிதான். இன்னொரு அடையாளம், டேங்க் நிரப்பிய அன்று சீக்கிரம் நிற்கும், பாதி இருக்கும்போது அவ்வளவு சீக்கிரம் நிற்காது. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு என்பதால் வெற்றிடம் விரைவாக வந்துவிடும். ஆகவே பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வண்டியில்தான் இது அதிகம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் தள்ளுவதால் இவ்வளவு எளிதில் நிற்காது.

நின்ன உடனே ரோட்டுலயே நான் என்னத்தைப் பார்க்கணும்?

முதலில் வண்டியைத் தள்ளி ஓரம் வாருங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எதையும் பார்க்க வேண்டாம்.

ஓரம் வந்ததும் சாவியை அணைக்காமல் ஹாரன் அடித்துப் பாருங்கள், மீட்டர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எல்லாமே செத்திருந்தால் ஃபியூஸ், பேட்டரி முனை, சாவி சுவிட்ச் என்று தேடுகிற இடம் ஒரேயடியாகச் சுருங்கிவிடும். ஹாரன் நன்றாக அடிக்கிறது, செல்ஃபும் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. இந்த ஒரு பதில் எனக்கு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். கூடவே ஹேண்டில்பாரில் சிவப்பு நிற ஆஃப் சுவிட்ச் இருந்தால் அது தட்டுப்பட்டிருக்கிறதா, பக்கவாட்டு ஸ்டாண்டு முழுசாக மேலே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போதைய பல வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது. சேறு படிந்தாலோ சுவிட்ச் தளர்ந்தாலோ, ஸ்டாண்டு மேலே இருந்தும் வண்டி அணையும்.

நின்ற இடத்தையும் நினைவில் வையுங்கள். வேகத்தடை ஏறி இறங்கியபோதா, ஹேண்டில்பாரைத் திருப்பியபோதா, நேர்ச் சாலையிலா? குலுங்கியபோது அல்லது திருப்பியபோது நின்றால் வயர் அறுந்தும் அறுபடாமலும் இருக்கிறது என்று பொருள். காசிமேடு, எண்ணூர் பக்கம் கடலோரமாக நிறுத்துகிற வண்டிகளில் கனெக்டர் பிரித்தால் செம்பில் பச்சை பூத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உப்புக் காற்றில் வண்டி இரவு முழுவதும் நிற்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

ஓடும்போது நல்லா ஓடுது. சிக்னல்லயும் கொருக்குப்பேட்டை கேட்டுலயும் மட்டும்தான் அணையுது. இதுவும் அதே ப்ராப்ளமா?

இல்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்தால் அது ஐடிலிங் பிரச்சினை. கொஞ்சம் திருகிப் பிடித்தால் அணையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்குள் மெதுவான ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு சின்ன ஜெட் இருக்கிறது, ஊசி நுழைகிற அளவுத் துளை. அது அடைத்தால் இப்படித்தான் ஆகும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே இந்தத் தொல்லை இருக்கும்.

காலையில் நன்றாக நின்று ஓடி, நன்கு சூடானபின் மட்டும் சிக்னலில் அணைந்து, அப்புறம் ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடித்தால் நான் வால்வு இடைவெளியை அளப்பேன். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். அதுவும் குறைந்துபோனால் சூட்டில் இரும்பு நீண்டு வால்வு முழுசாக மூடாது, அழுத்தம் போய்விடும். கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றிச் சுத்தம் செய்தாலும் இது சரியாகாது. "காலையில் அணைவதில்லை" என்ற இரண்டு வார்த்தை இல்லாமல் போனதால் மூன்று முறை கார்புரேட்டர் சர்வீஸுக்குக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

என்னோடது பி.எஸ்.6 வண்டி. அதுலதான் கம்ப்யூட்டர் இருக்கே, நான் எதுக்குச் சொல்லணும்?

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற இருசக்கர வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன். மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு இருக்கும். சாவி போட்டதும் அது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்ததா, நிற்கும் முன்பா பின்பா, விட்டு விட்டு மின்னியதா என்று சொல்லுங்கள். சில வண்டிகளில் அது மின்னுகிற எண்ணிக்கையே கோளாறின் குறியீடு, அதனால் போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள்.

சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று வினாடி மெல்லிசாக "ங்ங்" என்று ஓடும். நின்ற இடத்தில் சாவியை அணைத்து மறுபடி போட்டு, டேங்க் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். சத்தம் வந்ததா வரவில்லையா என்பது பம்ப் பக்கமா வேறு பக்கமா என்று காட்டிவிடும். கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் சென்சார்கள் சொல்வதை மட்டும்தான் குறித்துக்கொள்ளும். பம்ப் பலவீனமாகி அழுத்தம் குறைவது பல வண்டிகளில் அதற்குத் தெரியாது. கடைக்கு வருவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டாதீர்கள். சில வண்டிகளில் அதுவரை பதிவான குறியீடு அழிந்துவிடும்.

மழையில, தண்ணியில போனதுக்கு அப்புறம் நிக்குது. அப்போ?

தண்ணீர் எதுவரை வந்தது என்பதுதான் முதல் தகவல். கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் தண்ணீரில் இறங்கியவர்கள் "கொஞ்சம் தண்ணி" என்பார்கள். சக்கரத்தின் நடு அச்சு வரைக்குமா, சைலன்சர் முழுகியதா, சீட்டைத் தொட்டதா என்று சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளேயே நின்றதா, வெளியே வந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, நின்றபின் எத்தனை தடவை செல்ஃப் அடித்தீர்கள் என்பதும் வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பலர் தயங்குவார்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடே வளையலாம். அடித்திருந்தால் நான் பார்க்கிற வரிசையே மாறும்.

வெறும் மழையில் நின்று, காய்ந்ததும் கிளம்பினால் பெரும்பாலும் பிளக் மூடியிலோ அதன் வயரிலோ ஈரம். மழை விட்டு இரண்டு நாள் கழித்துத் திணற ஆரம்பித்தால் டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். அடியிலிருந்துதானே இன்ஜினுக்குப் போகிறது.

மெக்கானிக் கடைக்குக் கொண்டு போனா மட்டும் நல்லா ஓடுது. நான் பொய் சொல்ற மாதிரி ஆயிடுது. என்ன பண்றது?

இந்தப் புகார் உண்மையாக இருப்பதால்தான் இது நடக்கிறது. சூட்டில் வருகிற கோளாறு, வண்டி ஆறியபின் கடைக்கு வந்தால் தெரியாது. எந்த நிலைமையில் வருகிறதோ அந்த நிலைமையில் எங்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கு அந்த நிலைமை என்ன என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

ஒருவர் திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் ஸ்கூட்டரில் போகிறவர். 2017 மாடல், கார்புரேட்டர் வண்டி. இரண்டு மாதமாக நிற்கிறது என்று வந்தார். அதற்குள் வேறு இடத்தில் பிளக், பேட்டரி மாற்றி, கார்புரேட்டரும் சுத்தம் செய்திருந்தார்கள். நான் கேட்கக் கேட்க வந்த பதில்கள் இவை. ராயபுரம் நெருங்கும்போது, கிளம்பி 25 நிமிடம் வாக்கில் நிற்கும். பட்டென்று நிற்கும், திணறாது. ஹாரன் அடிக்கும், விளக்கு எரியும், செல்ஃப் சுற்றும். 15 நிமிடம் விட்டால் ஒரே அடியில் ஸ்டார்ட். டேங்க் மூடியைத் திறந்தும் பார்த்திருக்கிறார், பயன் இல்லை. மதிய வெயிலில் இன்னும் சீக்கிரம் நிற்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியமானது. "காலையில் டிராஃபிக் இல்லாத நாளில் நிற்பதில்லை அண்ணா."

பட்டென்று நின்றதும், விளக்கு எரிந்ததும், ஆறினால் சரியானதும் சேர்ந்து பிளக்குக்குப் போகும் நெருப்பு சூட்டில் நின்றுபோகிறது என்று காட்டின. ஆறிய வண்டியில் சோதித்தால் நெருப்பு நன்றாக வந்தது. அதனால் அவரையே மதியம் ஒரு மணிக்குக் கடைக்குப் பக்கத்துத் தெருக்களில் நிற்கும் வரை ஓட்டச் சொன்னேன். நின்ற இடத்துக்கு நான் போய்ப் பார்த்தபோது பிளக்கில் நெருப்பு இல்லை. கையோடு கொண்டுபோன நல்ல சி.டி.ஐ., நல்ல இக்னிஷன் காயில் இரண்டையும் மாற்றி மாட்டியும் வரவில்லை. மிச்சம் இருந்தது, இன்ஜினோடு சுற்றும் மேக்னெட் பக்கத்தில் இருந்து, எப்போது நெருப்பு விட வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சொல்கிற பல்சர் காயில். சூடாக இருக்கும்போதே மீட்டர் வைத்தேன், எதுவும் காட்டவில்லை, உள்ளே சுற்று அறுந்த நிலை. அரை மணி கழித்து அதே இரண்டு முனையில் 130 ஓம் காட்டியது. உள்ளே இருந்த மெல்லிய கம்பியில் மயிரிழை வெட்டு, சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. நெரிசலில் ஊர்ந்தால் அதைச் சுற்றிச் சூடு அதிகம் தேங்குகிறது, அதனால்தான் காலியான சாலையில் நிற்கவில்லை. காயில் மாற்றியபின் அதே நெரிசலில், அதே மதிய வெயிலில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நிற்கவில்லை.

ஏற்கனவே என்னென்ன மாத்தினோம்னு சொன்னா மெக்கானிக் கோச்சுக்க மாட்டாரா?

நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மாற்றியும் சரியாகாதது என்றால் அது காரணம் இல்லை என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது. மேலே சொன்ன ஸ்கூட்டரில் பேட்டரி மாற்றிய தகவல் எனக்கு உதவியது. எந்தத் தேதியில் மாற்றினீர்கள், மாற்றியபின் கொஞ்சமாவது வித்தியாசம் தெரிந்ததா என்று சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன் வண்டிக்கு என்ன நடந்தது என்பதை யாரும் தானாகச் சொல்வதில்லை. புது ஹாரன் மாட்டியது, அலாரம் பொருத்தியது, வாட்டர் சர்வீஸ் விட்டது, வண்டி கீழே விழுந்தது, மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்தது. அலாரம் பொருத்த வயரை வெட்டி ஒட்டிய இடத்திலேயே கோளாறு இருந்த வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

பக்கத்துவீட்டு அண்ணன் சி.டி.ஐ. போயிடுச்சுன்னு சொன்னாரு. அதையே சொல்லி மாத்தச் சொல்லிடலாமா?

அவர் சொன்னார் என்று சொல்லுங்கள், ஆனால் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே "சி.டி.ஐ. மாத்திடுங்க" என்றால் வேலை நிறைய இருக்கிற நாளில் எந்த மெக்கானிக்கும் அதை மாற்றிவிட்டு அனுப்பத்தான் பார்ப்பார். நீங்களும் அதைத்தானே கேட்டீர்கள். புது உதிரிபாகத்துக்குக் காசு போகும், வண்டி அடுத்த நாள் அதே ராயபுரத்தில் நிற்கும். "பட்டென்று நின்றது, விளக்கு எரிந்தது" என்று பார்த்ததை மட்டும் சொன்னால் சோதிக்க வேண்டிய பொறுப்பு எங்களுடையது.

போன்ல மெசேஜ் அனுப்பினா எப்படி எழுதணும்? ஒரு மாதிரி குடுங்களேன்.

அந்த ஸ்கூட்டர்காரர் முதல் நாளே இப்படி அனுப்பியிருந்தால் இரண்டு மாத அலைச்சல் இருந்திருக்காது:

"அண்ணா, 2017 ஸ்கூட்டர், கார்புரேட்டர், 41,000 கி.மீ. ஓடியது. இரண்டு மாதமாக டிராஃபிக்கில் 25 நிமிடம் ஓடியதும் பட்டென்று அணைகிறது, திணறல் இல்லை. ஹாரன், லைட், செல்ஃப் வேலை செய்கிறது. 15 நிமிடம் நின்றால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. வெயிலில் சீக்கிரம் நிற்கிறது, காலி ரோட்டில் நிற்பதில்லை. பெட்ரோல் பாதி டேங்க், மூடி திறந்தும் பலன் இல்லை. பிளக், பேட்டரி மாற்றி கார்புரேட்டர் சுத்தம் செய்தாச்சு, வித்தியாசம் இல்லை. நிற்கிற நேரத்தில் காட்ட மதியம் கொண்டு வரட்டுமா?"

வீடியோ அனுப்புவதானால் நின்ற வண்டியைச் சுற்றி எடுக்க வேண்டாம். சாவி போட்டு, மீட்டர் தெரிய, செல்ஃப் அடிக்கிற சத்தத்தோடு பத்து வினாடி போதும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் விளக்கு மங்குகிறதா என்பதும் அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.